பந்தியில் எத்தனை இலை?

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். கேட்டரிங்காரர் நோட்டில் 1,180 இலை. பெண் வீட்டார் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிய சித்தப்பாவின் துண்டுச்சீட்டில் 1,120. மேளக்காரர்கள், போட்டோக்காரர், வேன் டிரைவர்கள் சாப்பிட்ட இலைகளை யார் கணக்கில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேசுவார்கள். கடைசியில் 1,150 என்று முடிவாகும். பில் அதற்குத்தான்.

அந்தக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது கேட்டால், அந்த 1,150-ஐ நான் தயங்காமல் நம்புவேன். எண் ஏறினால் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். அப்படிப்பட்ட இரண்டு பேர் சண்டை போட்டு ஒத்துக்கொண்ட எண் அது.

ஈவென்ட் மேனேஜர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களில் இப்படி ஓர் எண்ணைப் பார்ப்பது அபூர்வம். ‘500-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், 10,000 பேர் வரை கூட்டம், 5 கோடி பட்ஜெட், 50 வெண்டர்கள்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கும். நான்கும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு என்று ஒருவர் இல்லாமல் எழுதப்பட்ட எண்கள் என்பதால், படிப்பவர் நான்கையும் மனத்துக்குள் பாதியாகக் குறைத்துக்கொள்வார். உண்மையாக உழைத்தவருக்கும் அதே பாதிதான் கிடைக்கும். இந்தத் துறையில் இருப்பவர் தன் வேலையை நம்பும்படி காட்டுவது எப்படி என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கூட்டம். ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்ற கேள்விக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. அழைக்கப்பட்டவர்கள், வருகிறேன் என்று சொன்னவர்கள், வாசலில் பதிந்தவர்கள், சாப்பிட்டவர்கள். இலவச நிகழ்ச்சி என்றால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழும். இரண்டு நாள் கண்காட்சி என்றால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆள் இரண்டு நாளும் வந்தால் வாசல் எந்திரம் இரண்டு என்று எண்ணும். சாப்பிட வெளியே போய்த் திரும்பினால் மூன்று. ‘3,000 பேர் வந்தார்கள்’ என்ற பெருமைக்குள் 1,700 மனிதர்கள் மட்டுமே இருக்கலாம். கண்காட்சித் துறைக்கு இந்த வியாதி பழையது. 1925-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஐரோப்பியக் கண்காட்சி அமைப்பாளர்கள் கூடித் தொடங்கிய யூஃபி என்ற சர்வதேசச் சங்கம், தன் அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கும் கண்காட்சிகளிடம் வெளித் தணிக்கை செய்த பார்வையாளர் கணக்கைக் கேட்கிறது. வருகைகள் வேறு, வந்த ஆட்கள் வேறு என்ற பாகுபாடு அந்தக் கணக்கில் அடிப்படையானது.

திறந்தவெளிக் கூட்டத்தில் பேட்ஜும் இல்லை, இலையும் இல்லை. அங்கே பரப்பளவுதான் சாட்சி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960-களில் மாணவர் போராட்டக் கூட்டங்களை இப்படித்தான் எண்ணினார். அவர் அலுவலக ஜன்னலுக்குக் கீழே இருந்த சதுக்கத்தின் தரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. சில கட்டங்களில் உள்ளவர்களை எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். அதிலிருந்து ஒரு கைக்கணக்கு பிறந்தது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஓர் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை, மூச்சு முட்டும் நெரிசலில் இரண்டரை.

200 அடிக்கு 150 அடி மைதானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை, தடுப்பு, ஸ்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழு இடத்தையும் கூட்டத்துக்கே கொடுத்தாலும் 30,000 சதுர அடி. தளர்வாக நின்றால் 3,000 பேர், நெருக்கமாக நின்றால் 6,600 சொச்சம். அதே மைதானத்தில் 15,000 பேரைக் கூட்டினேன் என்று ஒருவர் சொன்னால், ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று அர்த்தம். அது உண்மையானால் வேலை கொடுக்கக் கூடாது, போலீஸைக் கூப்பிட வேண்டும்.

மண்டபத்துக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 250 பேர் என்று வைத்துக்கொள்வோம். பரிமாறி, சாப்பிட்டு, எழுந்து, இலை எடுத்து, துடைத்து, மறுபடி இலை போட முக்கால் மணி நேரம். மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஐந்து பந்தி, 1,250 பேர். அந்த மண்டபத்தில் ஒரு ராத்திரி விருந்தில் 4,000 பேர் இலைபோட்டுச் சாப்பிட்டார்கள் என்று விண்ணப்பத்தில் இருந்தால், நேர்காணல் நடத்துபவர் மண்டபத்தின் பெயரைக் கேட்டதுமே கணக்கை முடித்துவிடுவார். இந்தத் துறையில் பழகியவர்களுக்கு மண்டபங்களின் பந்தி அளவு மனப்பாடம்.

‘எத்தனை நிகழ்ச்சி’ என்பதையும் இதே போலச் சரிபார்க்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களிலும் எல்லோரும் விரும்பும் முகூர்த்தங்கள் ஒரே சில தேதிகளில் குவிகின்றன. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபங்களில் ஒருவர் தலைமைப் பொறுப்பில் நிற்க முடியாது. ஆகவே ‘வருஷத்துக்கு 200 கல்யாணம் நடத்தினேன்’ என்றால், பெரும்பாலானவற்றில் வரவேற்பு மேஜையிலோ, அறை ஒதுக்கீட்டிலோ இருந்திருப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 200 கல்யாணங்களில் விருந்தினர் அறைகளைச் சண்டையில்லாமல் ஒதுக்கியவர் பெரிய ஆள்தான். அதை அப்படியே எழுதினால் நம்புவார்கள். ‘முழுப் பொறுப்பில் 14, ஒரு பகுதிப் பொறுப்பில் 60, உதவியாளராக மற்றவை’ என்று பிரித்து எழுதுபவரின் 14-க்கு இருக்கும் மதிப்பு, பிரிக்காதவரின் 500-க்கு இல்லை.

இனி ஒரு நிகழ்ச்சியை முழுசாக எடுத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த மாதிரிக் கணக்கு. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் இந்தத் தொழிலில் தினசரி நடப்பது. கோவையில் ஒரு பம்பு தயாரிக்கும் நிறுவனம் தன் டீலர்களைக் கூட்டி ஒரு நாள் மாநாடு நடத்துகிறது. காலையில் புது மாடல் அறிமுகம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் பரிசளிப்பும் பாட்டுக் கச்சேரியும்.

அழைப்பு போனது 1,400 பேருக்கு. போனில் வருகிறேன் என்றவர்கள் 1,050. பேட்ஜ் அடித்தது 1,100. அன்று வாசலில் வாங்கப்பட்ட பேட்ஜ் 934. பெயர் இல்லாமல் வந்து கையால் எழுதிய பேட்ஜ் வாங்கியவர்கள் 41. ஆக, வந்த டீலர்கள் 975.

மதியம் கேட்டரிங்காரர் காட்டிய தட்டுக் கணக்கு 1,062. இங்கே அவசரப்படுபவர் பெரிய எண்ணாகப் பார்த்து ‘1,062 பேர் வந்தார்கள்’ என்று எழுதிவிடுவார். நிதானமானவர் பிரித்துப் பார்ப்பார். அதில் நிறுவன ஊழியர்கள் 54, லைட், சவுண்டு ஆட்களும் டிரைவர்களும் 78. மீதி 930 தட்டுதான் டீலர்களுடையது. வாசலில் 975, சாப்பாட்டில் 930. நடுவில் உள்ள 45 பேர் அறிமுக விழாவை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பியவர்களும், சாப்பாட்டு நேரம் கடந்து வந்தவர்களும். இப்படி இரண்டு எண்களும் கொஞ்சம் வேறுபட்டு, வேறுபாட்டுக்குக் காரணமும் தெரிந்தால் அது நம்பத்தகுந்த கணக்கு. வாசலிலும் 1,000, தட்டிலும் 1,000, பரிசுப் பையிலும் 1,000 என்று எல்லாம் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிஜக் கூட்டம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

அடுத்தது பணம். கூட்டக் கணக்கில் வரும் மிகைப்படுத்தல் ஆசையால் வருவது. பட்ஜெட்டில் வருவது பாதிக்குப் பாதி குழப்பத்தால் வருகிறது. இந்த மாநாட்டுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட செலவு, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 48 லட்சம். அதன் மேல் 18 சதவீத வரியைப் போட்டால் 56 லட்சத்தைத் தாண்டிவிடும். அங்கிருந்து ‘60 லட்ச ரூபாய் பட்ஜெட்டைக் கையாண்டேன்’ என்று எழுதுவதற்கு ஓர் எட்டுதான் தூரம்.

ஆனால் அந்த 48 லட்சத்தில் அரங்க வாடகையும் ஹோட்டல் அறைகளும் சேர்ந்து 17 லட்சம். அதை நிறுவனமே நேரடியாகக் கட்டிவிட்டது. ஈவென்ட் கம்பெனி வழியாகப் போனது 31 லட்சம். அந்த 31-க்குள்ளும் பெரிய பில்களுக்குக் கம்பெனி முதலாளியின் கையெழுத்து வேண்டும். மேனேஜர் தானாக முடிவெடுத்துச் செலவிட அனுமதி ஒரு செலவுக்கு 25,000 ரூபாய் வரை. ஆக, அவருடைய பட்ஜெட் எது? நிகழ்ச்சியின் அளவு 48 லட்சம், அவர் பார்த்துக்கொண்ட கணக்கு 31 லட்சம், அவர் சொந்த அதிகாரம் 25,000. மூன்றையும் எழுதலாம். எது எது என்று சொல்லி எழுத வேண்டும். நேர்காணலில் ‘எந்தத் தொகை வரைக்கும் யாரையும் கேட்காம நீங்களே கையெழுத்துப் போடலாம்?’ என்ற ஒரு கேள்வி வந்தால், கோடிகளில் பேசியவர்கள் பலர் தண்ணீர் குடிப்பார்கள்.

பட்ஜெட்டில் திறமை தெரியும் இடம் மொத்தத் தொகையே அல்ல. எஸ்டிமேட்டுக்கும் முடிவுக் கணக்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் ஆளைக் காட்டும். நம் மாநாடு 50 லட்சத்து 30 ஆயிரத்தில் முடிந்தது. அதாவது 2,30,000 ரூபாய் கூடுதல். இதில் 1,60,000 வாடிக்கையாளரே கேட்ட செலவு. மூன்று நாள் முன்னால் வந்து, பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை, இன்னோர் எல்.இ.டி. வால் வேண்டும் என்றார்கள். 90,000 ஜெனரேட்டருக்குப் போனது. அந்தக் கூடுதல் வாலையும் சேர்த்து லோடு கணக்குப் போட்டபோது, ஏற்கெனவே பேசிய ஜெனரேட்டர் தாங்காது, பெரியது வேண்டும், அதோடு ஸ்டாண்ட்-பையும் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். பூ அலங்காரத்தில் 20,000 மிச்சம். கூட்டிக் கழித்தால் 2,30,000 சரியாக வரும்.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. கூடுதல் வாலுக்கு வாடிக்கையாளர் மெயிலில் ஒப்புதல் கொடுத்தார். அதற்கு மின்சாரமும் கூடும் என்று அதே மெயிலில் யாரும் எழுதவில்லை. அதனால் 90,000-க்கு நிகழ்ச்சி முடிந்து பில் நீட்டும்போது முகம் சுளிப்பார்கள். நல்ல மேனேஜர் கூடுதல் கேட்ட அன்றே, அது இழுத்துக்கொண்டு வரும் மின்சாரம், ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி ஒப்புதல் வாங்குவார். இரண்டு வேலைகளுக்கு இடையில் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுதான். ‘பட்ஜெட்டுக்குள் முடித்தேன்’ என்று எழுதுபவரைவிட, ‘4.8 சதவீதம் கூடியது, அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர் சேர்த்த வேலை, அதற்கான ஒப்புதல் கைவசம்’ என்று எழுதுபவரை நான் கூப்பிடுவேன். எஸ்டிமேட்டிலேயே தாராளமாக ஏற்றி வைத்தால் யாராலும் பட்ஜெட்டுக்குள் முடிக்க முடியும்.

வெண்டர் ஒருங்கிணைப்புதான் காகிதத்தில் காட்டக் கடினமானது. ‘11 வெண்டர்களை ஒருங்கிணைத்தேன்’ என்றால் 11 போன் நம்பர்கள் இருந்தன என்று மட்டுமே புரியும். வேலை நடக்கும் இடம் ஒரு வெண்டர் முடித்து இன்னொருவர் தொடங்கும் சந்துதான்.

முந்தின நாள் ராத்திரி அரங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ட்ரஸ் ஏற வேண்டும். அதில்தான் லைட்டும் எல்.இ.டி. வாலும் தொங்கும். ட்ரஸ்காரர் இரண்டு மணி நேரம் தாமதமானால் வால்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார், லைட்காரர் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று கத்துவார். இதைப் பார்த்துச் சகிக்காமல் கார்பெட்காரரை முதலில் விரிக்கச் சொன்னால், அதன் மேலேயே ஏணியும் இரும்புப் பெட்டிகளும் இழுபட்டு விடிவதற்குள் கார்பெட் கிழியும். சவுண்டு செக் நடக்கும்போது பக்கத்தில் தச்சர் ரம்பம் போட்டால் இரண்டும் நடக்காது. இந்த வரிசையைக் காப்பதுதான் ஒருங்கிணைப்பு. அது தாளில் தெரிவது ‘மினிட்-டு-மினிட்’ என்று தொழிலில் சொல்லும் நேர அட்டவணையில். அதில் திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரத்தையும் அன்றைக்கே பேனாவால் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நம் மாநாட்டின் அட்டவணையில் ட்ரஸ் இரவு 8 மணிக்கு ஏற வேண்டும், ஏறியது 10.20-க்கு. லாரி அவினாசி ரோட்டில் மாட்டிக்கொண்டது. வால் 11-க்குத் தொடங்க வேண்டியது 1 மணிக்குத் தொடங்கியது. ஆனால் காலை 7 மணி டெக் ரிகர்சல் 7.15-க்கு நடந்தது. இரண்டு மணி இருபது நிமிடத் தாமதம் பதினைந்து நிமிடமாகச் சுருங்கியது எப்படி? மேடைப் பின்திரையை ட்ரஸுக்குக் காத்திராமல் தனிச் சட்டத்தில் கட்டச் சொன்னார், லைட்காரரின் ஆட்களில் நாலு பேரைக் கூடுதல் கூலி பேசி வால் ஏற்ற அனுப்பினார். இந்த ஒரு பத்தி, ‘சிறந்த ஒருங்கிணைப்புத் திறன்’ என்று பத்து முறை எழுதுவதைவிடச் சொல்கிறது. அட்டவணை முழுவதும் திட்டப்படியே நடந்ததாக இருந்தால், அது நிகழ்ச்சிக்குப் பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு எடுப்பவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. வாடிக்கையாளரிடம் விசாரித்தால் ‘நல்லாப் பண்ணாங்க’ என்ற மரியாதைச் சொல்தான் கிடைக்கும். சவுண்டு சர்வீஸ்காரரையோ பந்தல்காரரையோ கேட்க வேண்டும். ‘அவரா சார்? பேமென்ட் சொன்ன தேதிக்கு வந்துரும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பிளானை மாத்துவார்’ என்று இரண்டே வரியில் ஆளைப் படம் பிடித்துவிடுவார்கள். வேலை தேடுபவர் இதைத் தெரிந்துகொண்டு, தன்னோடு வேலை செய்த இரண்டு வெண்டர்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் பெயரைத் தானே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பாக்கி வைத்தவர் கொடுக்க மாட்டார் என்பதே அதன் பலம்.

இதையெல்லாம் காட்டுவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. டீலர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள பட்டியல் நிறுவனத்தின் சொத்து. அதை நேர்காணலில் பிரித்துக் காட்டுபவர், நாளைக்கு நம் பட்டியலையும் காட்டுவார். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியிருக்கிறது. பட்டியல் வேண்டாம், மணிவாரியாகப் பேட்ஜ் எண்ணிக்கை உள்ள ஒரு பக்கம் போதும். வெண்டர் கொடுத்த விலையும் அப்படியே. ஒருவரின் ரேட்டை இன்னொருவர் மேஜையில் வைக்கக் கூடாது. செலவுத் தலைப்பு வாரியாகச் சதவீதம் காட்டினால் வேலை புரியும், விலை தெரியாது. ஒப்பந்தப்படி வாடிக்கையாளர் பெயர் சொல்லக் கூடாது என்றால் ‘கோவை, பம்பு உற்பத்தியாளர், டீலர் மாநாடு’ என்பதே போதும். பெயரை மறைத்து எண்ணைச் சொல்பவரை, எண்ணை மறைத்துப் பெரிய பெயர்களை அடுக்குபவரைவிட எளிதாக நம்பலாம்.

எல்லாம் சேர்த்து விண்ணப்பத்தில் இந்த மாநாடு எடுத்துக்கொள்ளும் இடம் நாலு வரி. ‘டீலர் மாநாடு, கோவை, ஒரு நாள், முழுப் பொறுப்பு. வருகை 975 டீலர்கள், பேட்ஜ் பதிவுப்படி. செலவு, வரி நீங்கலாக, ஒப்புதல் 48 லட்சம், முடிவு 50.3 லட்சம்; இதில் 31 லட்ச ரூபாய்க் கணக்கு என் பார்வையில். வெண்டர்கள் 11, ட்ரஸ் 2 மணி 20 நிமிடம் தாமதம், ரிகர்சல் 15 நிமிடம் தாமதம், விழா குறித்த நேரத்தில் தொடக்கம்.’

இந்த நாலு வரிக்கு வேண்டிய தாள்களைச் சேர்க்கச் சரியான நேரம் நிகழ்ச்சி முடிந்த ராத்திரிதான். வாசல் பதிவு நடத்திய கம்பெனி மறுநாள் எந்திரங்களை அடுத்த ஊருக்கு ஏற்றிவிடும், பிறகு கேட்டால் மொத்த எண் மட்டும் கிடைக்கும். கேட்டரிங்காரரிடம் தட்டுக் கணக்கில் கையெழுத்தை அன்றைக்கே, வண்டி கிளம்பும் முன் வாங்க வேண்டும். மேடையை ஆட்கள் பிரித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் கண்ணைக் கட்டும். ஜெனரேட்டர்காரர் டீசல் ரீடிங்கைச் சரிபார்க்கக் கூப்பிடுவார். அதையும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த 90,000 ரூபாய் பில்லைப் பற்றிய கேள்வி அடுத்த வாரம் எப்படியும் வரும்.